ஏழு நாடுகளின் கணக்கு

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் 2.9, அயர்லாந்து 2.4, பிரிட்டன் 2.4, இத்தாலி 1.0, ஜப்பான் 0.7. ஐந்தையும் கூட்டினால் 9.4 வரும். அடுத்து அமெரிக்கா மைனஸ் 2.0, நியூசிலாந்து மைனஸ் 7.9. இவ்விரண்டையும் கழித்தால் மிஞ்சுவது மைனஸ் 0.5. ஏழு நாடுகள் என்பதால் ஏழால் வகுக்கவேண்டும். மைனஸ் 0.07 கிடைக்கும். ஒரே ஒரு தசம இடத்தோடு நிறுத்தினால் மைனஸ் 0.1.

ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கின் விடை 2010ஆம் ஆண்டு தொடங்கி மூன்று வருடங்கள் உலக நிதியமைச்சர்களின் மேஜைகளைச் சுற்றிவந்தது. ஒரு நாட்டின் பொதுக்கடன் அதன் ஆண்டு உற்பத்தி மதிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டினால் அந்த நாட்டின் வளர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும் என்பது அந்த விடைக்குக் கொடுக்கப்பட்ட பொருள். வருடத்துக்கு ஒரு லட்சம் சம்பாதிக்கும் வீட்டுக்குத் தொண்ணூறாயிரம் கடன் இருந்தால் குடும்பம் படுத்துவிடும் என்று சொல்வதைப் போல. வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும் ஒன்றல்ல என்றாலும், கேட்டவர்கள் மனதில் பதிந்தது இந்தச் சித்திரம்தான்.

கூட்டலிலும் வகுத்தலிலும் தவறில்லை. நீங்களே இப்போது போட்டுப் பார்த்தீர்கள். தவறு இந்த ஏழு எண்களுக்கு முன்னால் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் 28 வயது மாணவர் ஒருவர். கண்டுபிடித்தபின் அதை யாரிடம் எந்த வரிசையில் சொன்னார் என்பது, அவர் கண்டுபிடித்த தவறு அளவுக்கே கவனிக்கத்தக்கது.

கட்டுரையை எழுதியவர்கள் சாமானியர்கள் அல்ல. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப். ரோகாஃப் ஹார்வர்டு பேராசிரியர். சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராக இருந்தவர். சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் உண்டு. ரைன்ஹார்ட் பிற்பாடு உலக வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞரானவர். இருவரும் சேர்ந்து 66 நாடுகளின் கடன் வரலாற்றை எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடி, சிதறிக்கிடந்த எண்களைத் திரட்டி, 2009இல் ஒரு பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அவர்கள் திரட்டிய தரவுத் தொகுப்பு அந்தத் துறையில் எல்லோரும் நாடிப்போகும் களஞ்சியமாயிற்று. அதிலிருந்து 20 வளர்ந்த நாடுகளை எடுத்து, 1946 முதல் 2009 வரையிலான கடனையும் வளர்ச்சியையும் அருகருகே வைத்து எழுதிய சிறு கட்டுரைதான் 2010 மே மாதம் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வந்தது. அந்த இதழின் மே மாதப் பகுதி அப்போது மாநாட்டுக் கட்டுரைகளுக்கானதாக இருந்தது. வழக்கமான கட்டுரைகளைப் போல வெளியாட்களிடம் கொடுத்துத் துருவிப் பார்க்கும் சடங்கு அதற்கு இருக்கவில்லை. இந்த விவரம் வெளியே அதிகம் தெரியாது. இதழின் பெயர் மட்டும் தெரிந்தது.

நேரமும் தோதாக அமைந்துவிட்டது. 2008 நிதி நெருக்கடியில் வங்கிகளைக் காப்பாற்ற அரசுகள் கடன் வாங்கிக் குவித்திருந்தன. இனி செலவைக் குறைப்பதா, இன்னும் கொஞ்ச காலம் செலவழித்து வேலைவாய்ப்பைக் காப்பதா என்ற சண்டை எல்லா ஊரிலும் நடந்தது. குறைக்கவேண்டும் என்றவர்களுக்கு 90 என்ற எண் கையில் கிடைத்த தடி. பிரிட்டனில் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இவர்களுடைய ஆய்வைச் சுட்டிப் பேசினார். அமெரிக்காவில் பால் ரையனின் பட்ஜெட் திட்டம் இதை மேற்கோள் காட்டியது. ஐரோப்பிய ஆணையத்தில் பொருளாதாரப் பொறுப்பிலிருந்த ஒல்லி ரேன் 2013 பிப்ரவரியில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்திலும் 90 சதவீத எல்லை வந்தது.

அந்த நேரத்தில்தான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹெர்ஸ்ட் என்ற கல்லூரி ஊரில், தாமஸ் ஹெர்ண்டன் என்ற முனைவர் பட்ட மாணவருக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டது.

பொருளாதார அளவியல் வகுப்பு. ஏற்கெனவே வெளிவந்த பெயர்பெற்ற கட்டுரை ஒன்றை எடுத்து, அதே தரவை வைத்து அதே விடை வருகிறதா என்று போட்டுக் காட்டவேண்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். சமையல் கற்றுக்கொள்கிறவரிடம், இந்தக் குறிப்பைப் பார்த்து இந்தக் குழம்பை வை என்று சொல்வதைப் போன்ற பயிற்சி. ஹெர்ண்டன் ரைன்ஹார்ட்–ரோகாஃப் கட்டுரையை எடுத்துக்கொண்டார். அதில் சிக்கலான சமன்பாடு ஒன்றுமில்லை. நாடுகளின் ஒவ்வொரு வருடத்தையும் கடன் அளவுப்படி நான்கு பெட்டிகளில் போடவேண்டும்: 30 சதவீதத்துக்குக் கீழே, 30 முதல் 60, 60 முதல் 90, 90க்கு மேல். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் வளர்ச்சி விகிதத்தின் சராசரி. அவ்வளவுதான்.

முதல் மூன்று பெட்டிகள் ஏறத்தாழ ஒத்துவந்தன. நான்காவது வரவில்லை. அவர்கள் விடை மைனஸ் 0.1. இவருக்குக் கிடைத்ததோ பூஜ்யத்துக்கு நன்றாகவே மேலே இருந்த ஓர் எண். திரும்பத் திரும்பப் போட்டும் அதே கதி.

இந்த இடத்தில் மாணவருக்கு வரும் முதல் எண்ணம் ‘அவர்கள் தப்பு’ என்பதாக இருக்காது. பெயர்பெற்ற இரண்டு பேர் ஒரு பக்கம், வீட்டுப்பாடம் செய்யும் பையன் மறுபக்கம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவேண்டியதில்லை. வகுப்பை நடத்திய பேராசிரியர் மைக்கேல் ஆஷும் முதலில் அப்படித்தான் நினைத்தார். பையன் எங்கோ பிசகியிருக்கிறான், போய்த் திருத்திக்கொண்டு வரட்டும் என்பது அவர் எண்ணம். இதில் அவரைக் குறைசொல்ல முடியாது. இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவை மாணவரின் பிழையாகத்தான் முடியும். ஆனால் பருவம் முடியும் தறுவாயிலும் எண் ஒத்துவராதபோது ஆஷுக்கும், அதே துறையின் மூத்த பேராசிரியர் ராபர்ட் பாலினுக்கும் பொறி தட்டியது. விட்டுவிடாதே, மேலே போய்ப் பார் என்றார்கள்.

ஆக, அவர் முதலில் சொன்னது ஆசிரியரிடம். அப்போது அவர் கையில் இருந்தது கண்டுபிடிப்பு அல்ல, ஒத்துவராத எண் மட்டும். இந்த வேறுபாடு முக்கியம். ‘இது தவறு’ என்று சொல்வதற்கும் ‘எனக்கு இது வரவில்லை’ என்று சொல்வதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்ல எந்தத் தைரியமும் தேவையில்லை, எவர் மனமும் புண்படாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் நிரூபிக்கவும் முடியாது. ஏனென்றால் பொதுவெளியில் கிடைத்தது நாடுகளின் கடன், வளர்ச்சி எண்கள் மட்டும்தான். அவற்றிலிருந்து எந்த வருடங்களை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எப்படிச் சராசரி கண்டார்கள் என்பதைக் காட்டும் கணக்குத் தாள் வெளியே இல்லை. அரிசி, பருப்பு எல்லாம் கடையில் கிடைத்தன; சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

கதவைத் தட்ட ஒரே வழிதான் உண்டு. ஹெர்ண்டன் கட்டுரை ஆசிரியர்களுக்கே எழுதினார், கணக்குத் தாளைக் கேட்டார். கொஞ்சம் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ரைன்ஹார்ட் தாம் பயன்படுத்திய எக்ஸெல் கோப்பையே அனுப்பிவைத்தார். பின்னால் நடந்த களேபரத்தில் பலரும் இதை மறந்துவிட்டார்கள். பெயர் தெரியாத ஒரு மாணவருக்குத் தங்கள் அடுப்படியைத் திறந்து காட்டியது அவர்கள்தான். தராமலும் இருந்திருக்கலாம், அப்படித் தராமல் இருந்த எத்தனையோ பேர் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள்.

கோப்பைத் திறந்தால், 30ஆம் வரிசையிலிருந்து 49ஆம் வரிசை வரை இருபது நாடுகள். ஆங்கில அகரவரிசையைத் தலைகீழாக்கி அடுக்கியிருந்தார்கள்: மேலே அமெரிக்கா, அடுத்து பிரிட்டன், இப்படியே இறங்கிக் கடைசியில் ஆஸ்திரேலியா. 90க்கு மேற்பட்ட கடன் பெட்டிக்கு உரியது L என்ற பத்தி. அதன் சராசரி L51 என்ற கட்டத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தால் இருந்த சூத்திரம் இது:

```
=AVERAGE(L30:L44)
```

இருந்திருக்க வேண்டியது இது:

```
=AVERAGE(L30:L49)
```

எக்ஸெலில் வேலை பார்த்தவர்களுக்கு இது எப்படி நேர்ந்திருக்கும் என்று உடனே புரிந்துவிடும். சுட்டியைப் பிடித்துக் கீழே இழுக்கும்போது ஐந்து வரிசை முன்னதாகவே விரலை எடுத்துவிட்டால் போதும். எக்ஸெல் தடுத்து நிறுத்தாது. பதினைந்து எண்ணின் சராசரியும் அதற்குச் சராசரிதான். கடைசி ஐந்து வரிசையில் இருந்த டென்மார்க், கனடா, பெல்ஜியம், ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலிருந்து ஓசையில்லாமல் கழன்றுபோயின.

ஹெர்ண்டனுக்குத் தன் கண்ணையே நம்பமுடியவில்லை. அப்போது அவர் திரும்பியது பேராசிரியர் பக்கம் அல்ல, கூட இருந்த தோழியின் பக்கம். சமூகவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். நான் பார்ப்பதில் ஏதாவது பிசகா என்று கேட்டார். அவரும் பார்த்துவிட்டு, அப்படித் தெரியவில்லை என்றார். இதை ஏதோ சுவைக்காகச் சொல்லப்படும் துணுக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பொருளாதாரம் படிக்காத, இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராத ஒருவரின் கண்ணுக்கும் அதே கட்டம் அப்படியே தெரிகிறதா என்பது ஒரு நல்ல சோதனை. 44க்கும் 49க்கும் வித்தியாசம் தெரிய எந்தப் பட்டமும் வேண்டாமே.

சரி, இத்தோடு கதை முடிந்தது என்றுதான் உலகம் இன்றும் நினைக்கிறது. எக்ஸெல் பிழையால் உலகப் பொருளாதாரமே தடம் புரண்டது என்ற பாணியில் செய்திகள் வந்தன. ஆனால் நம் தாளை மறுபடி எடுங்கள். விடுபட்ட ஐந்து நாடுகளை உள்ளே சேர்த்துப் பார்ப்போம்.

டென்மார்க், ஆஸ்திரியா இரண்டுக்கும் 90க்கு மேல் கடன் இருந்த வருடமே கிடையாது. ஆக, அவை இந்தப் பெட்டியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இந்தப் பெட்டிக்கு வரவேண்டிய வருடங்கள் வேறொரு காரணத்தால் ஏற்கெனவே தாளில் இல்லை, அதற்கு வருகிறேன். மிஞ்சுவது பெல்ஜியம் மட்டும். அதன் சராசரி 2.6. பழைய மைனஸ் 0.5உடன் 2.6ஐக் கூட்டினால் 2.1. எட்டால் வகுத்தால் 0.26. அதாவது, உலகப் புகழ்பெற்ற அந்த எக்ஸெல் பிழையின் முழுக் கனமும் சுமார் 0.3 சதவீதப் புள்ளிதான். மைனஸ் 0.1 என்பது 0.3 ஆகிறது. அப்போதும் 90க்கு மேலே வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோவது போலத்தான் தெரியும்.

ஹெர்ண்டன் இந்தப் பிழையை மட்டும் கண்டு நின்றிருந்தால் யாரிடம் சொல்வது என்ற கேள்வியே எழுந்திருக்காது. கட்டுரை ஆசிரியர்களுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். அவர்கள் நன்றி சொல்லித் திருத்தியிருப்பார்கள். கைத்தவறுகளுக்கு உரிய மரியாதை அதுதான்.

பெரிய விஷயம் நியூசிலாந்தில் இருந்தது. அந்த நாட்டின் கடன் 90க்கு மேல் இருந்தது ஐந்து வருடங்கள்: 1946, 1947, 1948, 1949, 1951. அந்த வருடங்களில் வளர்ச்சி முறையே 7.7, 11.9, மைனஸ் 9.9, 10.8, மைனஸ் 7.6. போர் முடிந்த காலத்தில் ஒரு சின்ன நாட்டின் எண்கள் இப்படித்தான் குதித்துக் குதித்துப் போகும். ஐந்துக்கும் சராசரி எடுத்தால் 2.58. ஆனால் ரைன்ஹார்ட்–ரோகாஃப் தாளில் முதல் நான்கு வருடங்கள் இல்லை. 1951 மட்டும் இருந்தது. ஒரே ஒரு மோசமான வருடம் ஒரு நாட்டின் மொத்த வரலாறாக நின்றது. போதாக்குறைக்கு, மைனஸ் 7.6 என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும்போது மைனஸ் 7.9 ஆகியிருந்தது.

மைனஸ் 7.9ஐ எடுத்துவிட்டு 2.6ஐ வையுங்கள். ஏழு நாடுகளின் கூட்டுத்தொகை மைனஸ் 0.5லிருந்து 10.0க்குத் தாவுகிறது. சராசரி 1.4. ஒரே நாடு, நான்கு வருடங்கள், விடை தலைகீழ். இதைப் போலவே போருக்குப் பிந்தைய ஐந்து வருடங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விடுபட்டிருந்தன. அவற்றின் சராசரிகள் 3.8, 3.0. பெல்ஜியத்தோடு இவற்றையும் சேர்த்தால் பத்து நாடுகளுக்குக் கூட்டுத்தொகை 19.4, சராசரி 1.9.

இன்னொரு படியும் இருக்கிறது. பிரிட்டன் 1946 முதல் 1964 வரை தொடர்ந்து பத்தொன்பது வருடங்கள் இந்தப் பெட்டியில் இருந்தது. நியூசிலாந்து, அவர்கள் கணக்குப்படி, ஒரே வருடம். ஆனால் நாட்டுக்கு ஒரு ஓட்டு என்ற முறையில் இரண்டுக்கும் ஒரே எடை. பத்தொன்பது வருட அனுபவமும் ஒரு வருட அனுபவமும் சமம். இதற்குப் பதில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ஓட்டு என்று வைத்தால், 110 வருடங்களின் சராசரி 2.2 ஆகிறது.

மைனஸ் 0.1க்கும் 2.2க்கும் இடையிலுள்ள தூரத்தில் எக்ஸெல் பிழைக்குச் சிறு பங்குதான். மீதியெல்லாம் தேர்வுகள். தேர்வு என்றதும் உள்நோக்கம் என்று படித்துவிடக் கூடாது. நாட்டுக்கு ஒரு ஓட்டு என்பதற்கும் நியாயம் உண்டு: பிரிட்டனின் பத்தொன்பது வருடங்களும் பத்தொன்பது தனித்தனி சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி பத்தொன்பது முறை பேசுவது போன்றது என்று வாதாடலாம். விடுபட்ட வருடங்களைப் பற்றி ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் சொன்ன விளக்கம், அந்த நாடுகளின் பழைய எண்களை அப்போதுதான் திரட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம் என்பது. எனக்கு இது நம்பக்கூடியதாகவே படுகிறது. ஆனால் நாட்டுக்கு ஒரு ஓட்டு என்ற முறையை வைத்துக்கொண்டு, ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு வருடம் மட்டும் கையில் இருக்கும்போது, அதைக் கட்டுரையில் தெளிவாகச் சொல்லாமல் விட்டது வெறும் கைத்தவறு என்று தள்ளக்கூடியதல்ல.

இங்கேதான் யாரிடம் சொல்வது என்பது உண்மையான கேள்வியாகிறது. கைத்தவறைச் செய்தவரிடம் காட்டலாம். அவர் பார்த்ததும் தெரிந்துகொள்வார். தேர்வைச் செய்தவரிடம் காட்டினால், ஆமாம், அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம் என்பார். அது பிழையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லவேண்டியது துறையிலுள்ள மற்றவர்கள். அதற்கு அவர்கள் முன் எல்லாவற்றையும் விரித்து வைக்கவேண்டும். ஹெர்ண்டன், ஆஷ், பாலின் மூவரும் சேர்ந்து எழுதி, 2013 ஏப்ரல் 15 அன்று தங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்திலிருந்து வெளியிட்டார்கள். பெயர் வரிசையில் முதலில் நின்றது மாணவரின் பெயர். பக்கத்தில் இரண்டு பேராசிரியர்கள். தனியாக அந்தப் பெயர் மட்டும் நின்றிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான். தப்பாகப் போயிருந்தால் அடி வாங்க மூன்று முதுகு இருந்தது என்பதும் சின்ன விஷயமில்லை.

ஒரு குறை மட்டும் எனக்கு உறுத்துகிறது. செய்தியாளர்கள் கேட்டபோது ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் தந்த முதல் பதில், இந்த வரைவு இப்போதுதான் எங்கள் கைக்கு வந்தது என்பது. கோப்பைக் கொடுத்தவர்களுக்கு, அதிலிருந்து கிடைத்ததை ஒரு வாரம் முன்னதாக அனுப்பிப் பதில் கேட்டிருக்கலாம். எதிர்த் தரப்பில் நின்று யோசித்தால் அதற்கும் பதில் இருக்கிறது: கட்டுரை மூன்று வருடங்களாகப் பொதுவெளியில் கொள்கை பேசிக்கொண்டிருந்தது, மறுப்பும் பொதுவெளியில்தான் வரவேண்டும், தவிர, பெரியவர்களுக்கு அவகாசம் கொடுத்தால் மாணவரின் கண்டுபிடிப்பு அவர்கள் வெளியிடும் திருத்தத்தின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடவும் கூடும். இரண்டையும் எடைபோட்டால், எல் பத்தியின் கைத்தவறை மட்டுமாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பதே என் கட்சி. அதை மறுக்க அவர்களால் முடிந்திருக்காது. அவர்கள் மறுக்கவும் இல்லை. உடனே ஒப்புக்கொண்டார்கள், மே மாதத்தில் திருத்தமும் வெளியிட்டார்கள். மற்ற குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. கட்டுரையிலேயே சராசரிக்குப் பக்கத்தில் நடு எண்ணையும் தந்திருந்தோம், அது 1.6, பூஜ்யத்துக்குக் கீழே இல்லையே என்றார்கள். அது உண்மை. மேற்கோள் காட்டியவர்களில் பலர் அந்த நடு எண்ணைக் கண்டுகொள்ளவில்லை என்பதும் உண்மை.

இதோடு ஒப்பிட இன்னொரு மாணவர் கதை நினைவுக்கு வருகிறது. 2014 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வீடு வீடாகப் போய்ப் பேசுவதால் ஓரினத் திருமணம் பற்றிய மக்களின் கருத்து நீடித்து மாறுகிறது என்றது. பெர்க்லியில் முனைவர் பட்ட மாணவராயிருந்த டேவிட் புரூக்மனுக்கு அந்தத் தரவின் மேல் ஐயம் வந்தது. மக்கள் பதில்கள் என்று சொல்லப்பட்ட எண்கள், முன்பு நடந்த வேறொரு கருத்துக்கணிப்பின் எண்களோடு சந்தேகப்படும்படி ஒத்துப்போயின. வேண்டாம், உன் எதிர்காலத்தைப் பார் என்று அவருக்கு அறிவுரை சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. கடைசியில் அவரும் சகாக்களும் போய்ச் சொன்னது கட்டுரையின் மூத்த கூட்டாசிரியர் டொனால்டு கிரீனிடம். தரவைத் திரட்டியவர் அவரல்ல, ஆனால் அவர் பெயரும் அதன்மேல் இருந்தது. அவரே முன்னின்று திரும்பப்பெறும்படி இதழுக்கு எழுதினார். 2015 மே மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அங்கே பிரச்சினை தவறோ தேர்வோ அல்ல, தரவே உண்மையானதா என்பது. அதை நேரே சம்பந்தப்பட்டவரிடம் கொண்டுபோயிருந்தால் தடயங்கள் என்னவாகியிருக்கும் என்று யோசித்தால், அவர் ஏன் கிரீனிடம் போனார் என்று விளங்கும். ஹெர்ண்டனின் நிலைமை வேறு. அவர் கையிலிருந்த கோப்பு எதிர்த்தரப்பே மனமுவந்து கொடுத்தது.

ஏப்ரல் 15க்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. சுமார் ஒரு வாரத்தில் ஹெர்ண்டன் ஸ்டீபன் கோல்பேரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுப்பாடத்துக்கு இதைவிட நல்ல மதிப்பெண் கிடைத்ததாகத் தெரியவில்லை. மறுபக்கம் ரைன்ஹார்ட்டுக்கும் ரோகாஃபுக்கும் வெறுப்பு மின்னஞ்சல்கள் குவிந்தன. வேலையிழந்தவர்களின் வயிற்றெரிச்சலெல்லாம் ஒரு எக்ஸெல் கட்டத்தின்மேல் வந்து விழுந்தது.

திருத்திய விடை என்ன சொல்கிறது என்பதை இந்தச் சத்தத்தில் யாரும் நிதானமாகப் பார்க்கவில்லை. கடன் 60 முதல் 90 வரை உள்ள பெட்டியில் வளர்ச்சி 3.2, 90க்கு மேல் 2.2. குறைவுதான். கடன் கூடினால் ஒன்றும் ஆகாது என்று ஹெர்ண்டன் நிரூபித்துவிடவில்லை. அவர் காட்டியது, 90 என்ற இடத்தில் பாறை விளிம்பு எதுவும் கிடையாது என்பது. கடைசிப் பெட்டியையே இரண்டாகப் பிரித்தால், 90 முதல் 120 வரை 2.4, அதற்கும் மேலே 1.6. சரிவு மெதுவாக இறங்குகிறது. கால் வைத்ததும் விழும் பள்ளம் அங்கே இல்லை. ஆனால் அமைச்சர்களுக்குச் சரிவு பயன்படாது. மேடையில் நின்று இதற்குமேல் ஒரு அடி எடுத்துவைத்தால் ஆபத்து என்று சொல்ல ஒரு எல்லைக்கோடு வேண்டும். மைனஸ் 0.1 அந்தக் கோட்டைத் தந்தது, 2.2 தராது.

மூவரும் தங்கள் கட்டுரையோடு தரவையும், ஆர் மொழியில் எழுதிய கணக்கு நிரலையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டிருந்தார்கள். தாங்கள் மற்றவர்களுக்குச் செய்ததைத் தங்களுக்கும் எவர் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு. இந்த முறை கதவைத் தட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. முதலில் எடுத்துக்கொண்டவர்களில் அதே துறையின் இன்னொரு பேராசிரியர் அரிந்திரஜித் தூபே இருந்தார். எல்லோரும் சராசரியைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டது வேறு: கடன் ஏறிய வருடத்துக்குப் பின்னால் வளர்ச்சி குறைகிறதா, முன்னாலா? அதே எண்களைக் காலவரிசையில் முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தார். கடன் ஏறியதற்குப் பிந்தைய வருடங்களோடு இருந்த தொடர்பு சோனியாக இருந்தது. முந்தைய வருடங்களோடு இருந்தது பலமாக இருந்தது. வளர்ச்சி முதலில் படுத்திருக்கிறது. கடன் அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது.